பூண்டுத்தூள்: கண்டறியப்படவில்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்து போனாள். ஆனால் மலேசியாவில், ரவாங்கில் ஒரு மசாலா ஆலையின் பரிசோதனை அறையில் வேலை பார்த்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி நியாயமானது என்று இன்றும் சொல்வேன். மீதிக் கால்வாசி என்மேலேயே வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆறாம் படிவம் முடித்துவிட்டு, தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர் வேலைக்கு எழுதிப்போட்டுக் கிடைக்காமல், இந்த ஆலையில் சேர்ந்திருந்தேன். ஈஜோக் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ். வேலை இதுதான்: மூட்டையில் வரும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், பூண்டுத்தூள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் மொத்தக் கிருமி எண்ணிக்கை. அதற்கு, தூளைத் தண்ணீரில் ஒன்றுக்குப் பத்தாகக் கரைத்து, அதை நூறாக, ஆயிரமாக மேலும் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லியைத் தட்டில் விட்டு, அதன்மேல் அகாரை, கிருமிக்குத் தீனியாகும் இளஞ்சூடான கடற்பாசிக் கூழை, ஊற்றி இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்தால், உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக முளைக்கும். புள்ளிகளை எண்ணினால் கணக்கு. இரண்டாவது, சால்மோனெல்லா. வயிற்றைக் கலக்கும் கிருமி, அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்கு இருபத்தைந்து கிராம் தூளைச் சத்துள்ள குழம்பில் போட்டு ஓர் இரவு வளரவிட்டுத் தேட வேண்டும். இல்லையென்றால் தாளில் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்னுடையது.

மிளகாய்த்தூளில் ஆயிரக்கணக்கில் வரும். மல்லி அதைவிட மோசம். மண்ணில் விளைந்து வெயிலில் காய்ந்தது, வராமல் என்ன செய்யும். பூண்டுத்தூளில் மட்டும் முதல் தட்டே துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு புள்ளி கிடையாது. அதனால் எங்கள் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கிள்ளானிலிருந்து வருபவர், கழுத்துப் பட்டை கசங்காதவர்.

“பூண்டுக்கு ஒரே ஒரு தட்டு போதும்மா. மொத கரைசல்லயே ஒண்ணும் இல்ல, அப்பறம் எதுக்கு நூறு, ஆயிரம்னு அகாரை வீணாக்கற?” என்றார்.

எனக்கும் சரியென்றுதான் பட்டது. பத்தில் இல்லாதது ஆயிரத்தில் எப்படி இருக்கும்? கரைக்கக் கரைக்கக் கிருமி குறையத்தானே செய்யும். ஒரு வருஷத்துக்கு மேல் பூண்டுக்கு ஒரே தட்டுத்தான் ஊற்றினேன். இதை எழுதும்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கீழே கலவைப் பகுதியில் ஓர் அக்கா இருந்தாள். நாற்பது வயது இருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி வீடு. ஒரே பஸ்ஸில் வருவோம். கோழி வறுவல் மசாலாவுக்குக் கடைசியாகப் பூண்டுத்தூளைச் சேர்த்துக் கையால் அள்ளிப் பையில் கட்டுவது அவள் வேலை. தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையைத் துடைத்துக்கொள்வாள்.

“எதுக்குக்கா சும்மா சும்மா தொடைக்கிறீங்க?” என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

“பூண்டுத்தூளு காஞ்ச கைய ஒண்ணும் பண்ணாதும்மா. பொழுதுக்கும் அளையலாம், வாசம்கூட அவ்வளவா வராது. கை வேத்திச்சுன்னா போச்சு. அப்படியே எரியும். வாசமும் அப்பத்தான் மூக்குல ஏறும். ஈரம் பட்டாத்தான் அதுக்கு உசுரு வருது.”

நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குத் தேவையான முழுப் பாடமும் அந்த நான்கு வரியில் இருந்தது. நான்தான் ஆறாம் படிவம் படித்தவளாயிற்றே, மண்டையில் ஏறவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வறுவல் மசாலா வாங்குபவர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கோலாலம்பூரில் ஒரு வெளிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டார். சால்மோனெல்லா இருக்கிறது என்று தாள் வந்தது. மேனேஜர் என் கோப்பை எடுத்து மேசையில் விரித்தார். மிளகாய், கண்டறியப்படவில்லை. மல்லி, கண்டறியப்படவில்லை. மஞ்சள், கண்டறியப்படவில்லை. பூண்டு, கண்டறியப்படவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து.

“சரக்கு சுத்தம். அப்ப அழுக்கு எங்கேருந்து வந்துச்சு? கையிலேருந்து,” என்றார்.

அந்த மசாலாவைக் கட்டிய வாரம் அந்த அக்கா வயிற்றுப்போக்கு என்று இரண்டு நாள் எம்சி, அதாவது டாக்டர் சீட்டோடு விடுப்பு, எடுத்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், தலைவலி என்று சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொன்னாள். நல்லதுக்குக் காலம் ஏது. அந்த எம்சி தாளையும் தோளில் கிடந்த துண்டையும் வைத்துக் கதையை முடித்துவிட்டார்கள். மலத்தைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. “இப்ப இல்லாம இருக்கலாம், அப்ப இருந்திருக்கும்,” என்றார் மேனேஜர். இப்படிப் பேசுபவரிடம் என்ன பேசுவது? அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கூப்பிடும்போது வந்தால் போதுமாம்.

பஸ்ஸில் அவள் இடம் காலியாக இருந்தது. தோட்டத்தில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு வருஷா வருஷம் ரசமும் சாம்பாரும் வைப்பது அவள்தான். அந்த வருஷம் கோயில் கமிட்டிக்காரர் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “நீங்க ஒக்காந்து சாமி கும்புடுங்கம்மா, சமையல் வேற ஆள் பாத்துக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம். அந்த மரியாதையைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனால் இன்னொரு வேலை. கை அசுத்தம் என்று பேர் வந்தால் அதை எங்கே கழுவுவது?

மறுநாள் காலையில் எரிச்சலோடுதான் பரிசோதனை அறையைத் திறந்தேன். வரும் ஒவ்வொரு மூட்டையிலும் சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்திருப்போம். அந்த மசாலாவில் போன பூண்டுத்தூளின் புட்டியை எடுத்தேன். மேனேஜர் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு பத்து, நூறு, ஆயிரம் என்று எல்லாத் தட்டையும் ஊற்றினேன். அகார் வீணாகிறதென்றால் ஆகட்டும்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்துக்குக் கரைத்த தட்டு வழக்கம்போல் காலி. நூறில் நான்கைந்து புள்ளி. ஆயிரத்தில் நாற்பதுக்கு மேல்.

தலைகீழ். தண்ணீர் கூடக் கூடக் கிருமியும் கூடுகிறது. தட்டுகளை மாற்றி எழுதிவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு எரிச்சல். கணக்குத் தெரிந்த யாரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு அது.

மேனேஜரிடம் காட்டினேன்.

“எங்கயோ கை தவறிட்டே லா. தண்ணி சுத்தமில்லாம இருக்கும்.”

“தண்ணிய மட்டும் ஊத்தின தட்டு காலியா இருக்கு சார்.”

“அப்ப அகார்.”

“அதே அகார்தான் சார் எல்லாத்துலயும்.”

“மொத தட்டு காலிதானே? அத எழுது, போதும்.”

செவிடன் காதில் சங்கு. கதவைச் சாத்திக்கொண்டு வந்து, வெளிப் பரிசோதனைக் கூடத்தின் தாளில் இருந்த எண்ணுக்கு போன் போட்டேன். மசாலாவைச் சோதித்த மலாய்க்காரப் பெண் எடுத்தாள். நான் மலாயில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரே கேள்வி கேட்டாள்: பூண்டுக்குக் குழம்பில் பொட்டாசியம் சல்பைட் போட்டீர்களா? நான் இல்லை என்றேன். போட வேண்டும் என்று தெரியாது என்றும் சொன்னேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். அவள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கிருமியைக் கொல்லும் காரச் சரக்கான அல்லிசின் முழுப் பூண்டுப் பல்லுக்குள் கிடையாது. அல்லின் என்று கந்தகம் உள்ள ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாசமும் இல்லை, காரமும் இல்லை. அல்லினேஸ் என்ற நொதி பக்கத்திலேயே வேறோர் அறையில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுவர். பல்லை நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். நொதி அல்லினை வெட்டும். வெட்டிய துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவிலிருந்து ஒரு துளி நீரை விட்டுவிட்டு, அல்லிசின் ஆகும். சில நொடி வேலைதான். நாம் பூண்டு வாசம் என்று சொல்வது அதைத்தான். முழுப் பல்லை நசுக்காமல் கொதிநீரில் போட்டால் சூட்டில் நொதி செத்துவிடும், அப்புறம் இடித்தாலும் அந்தக் காரம் வராது. ஆனால் மெல்லிய சூட்டில் காயவைத்த தூளில், வெட்டும்போது கொஞ்சம் போனதுபோக, மிச்ச அல்லினும் நொதியும் உயிரோடு தூங்குகின்றன. சேர்ந்து வேலை செய்ய ஈரம் வேண்டும். தூளில் ஈரம் இல்லை.

ஈரம் பட்டாத்தான் அதுக்கு உசுரு வருது. ரிசீவரைக் காதில் வைத்தபடியே எனக்கு அந்த பஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது.

மிச்சம் நானே முடிச்சுப் போடக்கூடியதுதான், இருந்தாலும் அவளே சொன்னாள். மூட்டையில் கிடக்கும் வரை பூண்டுத்தூள் கிருமியை ஒன்றும் செய்யாது; கிருமி காய்ந்து சுருண்டு, சாகாமல் கிடக்கும். தூளைக் கொண்டுவந்து என் குழம்பில் கொட்டிய நிமிஷம் அல்லிசின் பிறக்கும். கிருமியின் நொதிகளில் பலவற்றுக்குக் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பிடி உண்டு. அந்தப் பிடியை வைத்துத்தான் அவை வேலை செய்கின்றன. அல்லிசினுக்கு அந்தக் கந்தகத்தின்மேல் தீராத ஆசை. போய்த் தன் பாதியை அதில் ஒட்டிவிடும். பூட்டுத் துவாரத்தில் மெழுகை அடைத்த மாதிரிதான், அதற்குமேல் சாவி நுழையாது. ஒரு நொதி என்றால் கிருமி தப்பித்துக்கொள்ளும். கந்தகப் பிடி உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்தால் வளர முடியாது, செத்தும் போகும். ஆயிரத்துக்குக் கரைத்தால் அல்லிசின் நீர்த்துப் பல்லில்லாமல் போகும், கிருமி முளைக்கும். சல்பைட் போட்டால் அதுவும் கந்தகச் சரக்குத்தான். அல்லிசின் கிருமியிடம் போகுமுன் சல்பைட்டோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும்.

“நீங்கள் கிருமியைத் தேடவில்லை. தேடுவதற்கு முன்னாலேயே கொன்றுவிட்டீர்கள்,” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

போனை வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தேன். நாங்கள் பின்பற்றிய முறை ஒரு போட்டோஸ்டாட் கட்டு. எனக்கு முன்னால் இருந்தவர் எடுத்தது. ‘மிளகு, மிளகாய், மல்லி’ என்ற பக்கத்தோடு நிறுத்தியிருந்தார். அசல் புத்தகம் மேல்தட்டில் தூசியோடு இருந்தது. முக்காலி போட்டு எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியே வெங்காயத்தூள், பூண்டுத்தூள். குழம்பில் பொட்டாசியம் சல்பைட் சேர்க்கவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. வெண்ணெயை மேல்தட்டில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஒரு பக்கத்தைத் திருப்பச் சோம்பல் பட்டவர் யாரென்று கேட்டால், முன்னால் இருந்தவர் பாதி, நான் பாதி.

ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கோலாலம்பூர் போய் அந்தப் பெண்ணிடமே சிறு புட்டியில் சல்பைட் வாங்கி வந்தேன். மேனேஜர் மறுபடி தண்ணீர், அகார் என்று ஆரம்பிக்கக்கூடாது என்பதற்காக வாயடைக்கும்படி செய்தேன். நோய் தராத ஒரு வளர்ப்புக் கிருமியை எடுத்து, வேண்டுமென்றே மூன்று குடுவையில் விட்டேன். ஒன்றில் பூண்டுத்தூள் குழம்பு. இன்னொன்றில் அதே குழம்பு, ஆனால் தூள் நனையும் முன்பே சல்பைட் கரைத்தது. மூன்றாவதில் தூளைக் கொதிக்கும் குழம்பில் கொட்டி நொதியைக் கொன்று, ஆறவைத்து, பிறகு கிருமியை விட்டேன். கொதிக்கும் குழம்பில் கொட்டியபோது வேகவைத்த வாசம் வந்ததே தவிர மூக்கில் ஏறவில்லை. முதல் குடுவையில் தூள் விழுந்ததும் அறை முழுக்கப் பரவிக் கண்ணைக் கரித்தது. மறுநாள் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் கம்பியால் தொட்டெடுத்துத் தட்டில் கோடாக இழுத்து வளரவிட்டேன். முதல் குடுவைத் தட்டு காலி. மற்ற இரண்டும் நிறைந்து கிடந்தன.

பிறகு எடுத்து வைத்திருந்த தூளில் சல்பைட் போட்டு சால்மோனெல்லா தேடினேன். வந்தது. இன்னொரு தடவை செய்தேன். மறுபடியும் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயமா அது? ஆனால் நான் சந்தோஷப்பட்டேன்.

மேனேஜர் ரொம்ப நேரம் தட்டுகளைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

“சரி. பூண்டு சப்ளையர மாத்திடுவோம். இனிமே சல்பைட் போட்டே செய்.”

“அந்த அக்காவ எப்ப சார் கூப்பிடப் போறீங்க?”

“அவங்க எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா.”

“அவங்க கையில தப்பில்லன்னு ஒரு லெட்டராச்சும் குடுங்க சார்.”

“தப்புன்னு யாரு லெட்டர் குடுத்தா? எழுத்துல ஏதாச்சும் இருக்கா? இல்லாதத எப்படி இல்லன்னு எழுதறது? பழச கிளறாத.”

அவர் சொன்னது உண்மைதான், அதுதான் வயிற்றெரிச்சல். அவள்மேல் குற்றம் சொன்ன தாள் ஒன்றுமே இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பியது, சரக்கு சுத்தம் என்ற என் தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் யாருடையது என்று கையெழுத்தோடு இருந்தது.

அன்று மத்தியானம் கோப்பை எடுத்து, ஒரு வருஷத்துப் பூண்டுத் தாள்கள் அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடித்து, ‘முறை தவறு, முடிவு செல்லாது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேனேஜர் அதைப் பார்த்து அப்புறம் கத்தியது வேறு கதை. சால்மோனெல்லா இருக்கிறது என்று எழுதிய புதிய தாளுக்கு ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆலைத் தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது. தெரிந்துதான் கொண்டுபோனேன்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம் பட்டால் உசுரு வருது என்று அவள் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தானே நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இங்கிலீஷில் இருந்தது. திருப்பிப் பார்த்தாள்.

“படிச்சு சொல்லும்மா.”

“பூண்டுத்தூள். சால்மோனெல்லா கண்டறியப்பட்டது.”

“இதுல எம்பேரு எங்க இருக்கு?”

“ஒங்க பேரு இதுல வராதுக்கா. இது தூளப் பத்தின பேப்பரு.”

“கோயில்காரவங்ககிட்ட இத காட்டுனா, எங்கையி சுத்தம்னு அவங்களுக்குப் புரியுமா?”

அவள் தாளின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுக்கா.”

“முன்ன சுத்தம்னு எழுதுன பேப்பருலயும்?”

“அதுலயும் நாந்தான் போட்டேன்.”

தாளை நான்காக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். “இருந்து சாப்ட்டுட்டுப் போ,” என்றாள். சரி என்றேன். அவள் ரசம் வைத்து நான் சாப்பிட்டால் அதுவே கோயில்காரர்களுக்கு ஒரு பதில் என்று மனசுக்குள் ஓர் எண்ணம், அசட்டு எண்ணம்.

புளித்தண்ணீரில் மஞ்சளைப் போட்டாள். மிளகும் சீரகமும் அவள் இடித்து வைத்திருந்தாள், நான் வருவதற்கு முன்னால், அவளுக்கென்று. பூண்டை உரிக்கக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு பூண்டையும் சின்ன உரலையும் என் பக்கம் நகர்த்தினாள்.

“நீயே தட்டிப் போடும்மா. இப்பல்லாம் வெளியாளுங்க சாப்பிடறதுல நான் கை வெக்கிறதில்ல.”

வேண்டாம் அக்கா, நீங்களே போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஐந்து பல் எடுத்து உரித்தேன். உரித்த வரை வாசமே இல்லை. உலக்கையை இறக்கினேன். நசுங்கியதும் வாசம் மூக்கில் ஏறியது, கண் கரித்தது. அதைக் கொதிக்கிற ரசத்தில் வழித்துப் போட்டேன். தட்டில் சோறு போட்டதும் நான், ரசம் ஊற்றியதும் நான். அவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.